யின் யாங்னு போட்டதை எல்லாம் நம்பிடாதீங்க

போன மாசம் ஒரு வெல்னஸ் கடைல கருப்புக் கல் பிரேஸ்லெட் ஒண்ணு பாத்தேன், கூடவே ஒரு அட்டை, "யின் குறைஞ்ச பெண்களுக்கு, உங்க ச்சியை சார்ஜ் பண்ணும்"னு. (நம்மாளுங்க யாராவது சத்தமா படிச்சா 'ச்சீ'ன்னு தான் கேக்கும், அது வேற.) அந்த ஒரு வரில எத்தனை தப்பு இருக்குன்னு யோசிச்சுட்டே கல்லை வெச்சுட்டு வந்துட்டேன்.

யின், யாங், ச்சி மூணுமே பழைய சீனாலேர்ந்து வந்த வார்த்தைங்க. முதல்ல யின்னா பெண், யாங்னா ஆண்னு ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக் குடுக்கற பழக்கத்தை விடுங்க. அந்த அர்த்தம் சீனாலயே இருக்கு, ஹான் வம்சம் ஆண்ட காலத்துல டோங் சோங்ஷு மாதிரி தத்துவ அறிஞருங்க யாங் ஒசத்தி, யின் தாழ்த்தின்னு கூட எழுதி வெச்சாங்க, ஆனா வார்த்தை பொறந்தது அங்க இல்ல, மலைல. யாங்னா மலையோட வெயில் படற பக்கம், யின்னா நிழல் பக்கம், அவ்ளோதான். சீனா பூமத்திய ரேகைக்கு வடக்க இருக்கறதால சூரியன் தெற்கு பக்கமா சாஞ்சு போகும், அதனால மலைக்குத் தெற்குச் சரிவு யாங், வடக்குச் சரிவு யின். ஆத்துக்கு இது அப்படியே உல்டா, ஏன்னா பள்ளத்தாக்குல வடகரை தான் தெற்கைப் பாத்துட்டு வெயில் காயும். ஊர்ப் பேர்லயே இது இருக்கு பாருங்க, லுவோயாங்னா லுவோ ஆத்துக்கு வடகரை ஊர், ஹுவாயின்னா ஹுவா மலைக்கு வடக்குப் பக்கத்து ஊர். பழைய பாட்டுத் தொகுப்பான ஷிஜிங்ல கோங் லியூன்னு ஒரு தலைவர் புது ஊர் அமைக்க எடம் தேடறப்போ "யின் யாங் பாத்தார்"னு வருது. அவர் ஆரா எல்லாம் பாக்கல, வெயில் எங்க விழுது, நிழல் எங்க விழுதுன்னு பாத்தார்.

இதுல ஒரு விஷயத்தை கவனிங்க. ஒரு சரிவு தனியா யின்னா இருக்க முடியாது, எதிர்ப்பக்கத்தோட ஒப்பிட்டா தான் யின். நேரமும் மாத்தும். சீன மருத்துவத்தோட பழைய நூல் ஹுவாங்டி நெய்ஜிங்ல பகலே யாங் தான், ஆனா மதியத்துல இருந்து அந்தி வரைக்கும் உள்ள நேரத்தை "யாங்குக்குள்ள யின்"னு சொல்றாங்க, வெளிச்சம் இருந்தாலும் எறங்குமுகம்ல. அப்படி இருக்கறப்போ ஒரு கல்லுல "இது யின்"னு ஸ்டிக்கர் ஒட்டினா, எதோட ஒப்பிட்டு, எந்த நேரத்துலன்னு கேக்கணும்.

ச்சி கதை இன்னும் மோசம். கடைக்காரங்க அதை எனர்ஜின்னு சொல்லி பேட்டரி மாதிரி சார்ஜ் பண்றாங்க. 1930கள்ல சூலியே த மொரான்னு ஒரு பிரெஞ்சு தூதரக அதிகாரி அக்குபங்சரை ஐரோப்பாவுல பரப்பினப்போ எனர்ஜின்னு தான் மொழிபெயர்த்தார், அது நல்லா ஒட்டிக்கிச்சு. பழைய அர்த்தம் ஆவி, மேகம், மூச்சு. இப்பவும் சீன மொழில வானிலைக்கு 'தியன்ச்சி', அதாவது வானத்து ச்சி, நாம சுவாசிக்கற காத்துக்கு 'கோங்ச்சி'. ச்சியை மரபா எழுதற சீன எழுத்துக்குள்ள அரிசிக்கான எழுத்து இருக்கு, அது சோத்துப் பானைல இருந்து எழும்பற ஆவின்னு ஒரு அழகான கதை சுத்துது, அதையும் அப்படியே வாங்காதீங்க. கி.பி. 100 வாக்குல வந்த ஷுவோவென் அகராதி மேகத்துக்கு அரிசி இல்லாத எழுத்தைத் தான் சொல்லுது, அரிசி சேர்ந்தது விருந்தாளிக்குக் குடுக்கற தானியமாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸ் கி.மு. 541ல நடந்தது. பழைய சீனாவுல ஜின் நாட்டை ஆண்ட கோமகன் பிங் நோய்ல படுத்துட்டார், பக்கத்து சின் நாட்டுல இருந்து ஹேன்னு ஒரு வைத்தியர் வந்து பாக்கறார். பேயும் இல்ல, சாப்பாடும் இல்ல, அந்தப்புரத்துல அளவு மீறினது தான் காரணம், குணப்படுத்த முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டு ஆறு ச்சி பத்தி விளக்கறார்: யின், யாங், காத்து, மழை, இருட்டு, வெளிச்சம். யின் அளவு மீறினா குளிர் நோய், யாங் மீறினா சூட்டு நோய், காத்து மீறினா கை கால்ல, மழை மீறினா வயித்துல. பாத்தீங்களா, இங்க யின்னும் யாங்கும் ஆறுல ரெண்டு தான், உலகத்தையே ரெண்டா பிரிக்கற தத்துவம் எல்லாம் இன்னும் வரல. அதுவுமில்லாம நோயைப் பத்தின அவர் பேச்சு பூரா ச்சி ஜாஸ்தியானா என்ன கெடும்னு தான் போகுது, ஏத்திக்கறதைப் பத்தி ஒண்ணும் இல்ல. பின்னாடி வந்த மருத்துவத்துலயும் நோயைக் கொண்டு வர்ற கெட்ட ச்சிக்குன்னு தனிப் பேரே உண்டு, அதனால "ச்சியை ஏத்துங்க"ன்னு யாராவது சொன்னா எந்த ச்சின்னு கேளுங்க.

கடைசியா ஒண்ணு, தாய் சி கிளாஸ் போஸ்டர்ல "'சி'ன்னா உயிர் சக்தி"ன்னு போடறாங்கல்ல, அந்த 'சி' இந்த ச்சியே இல்ல. அது 'ஜி', உச்சம், கடைக்கோடின்னு அர்த்தம், தாய்ஜின்னா பெரிய உச்சம். இங்கிலீஷ்ல எழுதற பழைய முறைல ச்சிக்கு மட்டும் நடுவுல ஒரு சின்ன மேற்குறி உண்டு, போஸ்டர் அடிக்கறவங்க அதை விட்டதுல ரெண்டும் ஒண்ணாயிடுச்சு.