அனுப்பும் முன்பே திறந்துவிடும் லிங்க்: வாட்ஸ்அப்பில் பிரிவியூவை நிறுத்துவது எப்படி?

சந்தேகமான லிங்க் ஒன்று உங்களுக்கு வருகிறது. நீங்கள் அதைத் தொடவில்லை. "இது உண்மையா?" என்று நண்பரிடம் கேட்பதற்காக நகல் எடுத்து, வாட்ஸ்அப்பில் அவருடைய சாட்டில் ஒட்டுகிறீர்கள். அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன்பே, தலைப்பும் படமும் கொண்ட ஒரு சிறிய அட்டை எழுதும் பெட்டிக்கு மேலே வந்து நிற்கிறது. இதுதான் பிரிவியூ. அந்தத் தலைப்பு எங்கிருந்து வந்தது? உங்கள் போன் அந்தத் தளத்துக்குப் போய் எடுத்து வந்தது.

அதாவது, தளத்தை நடத்துபவருக்கு உங்கள் ஐபி முகவரி கிடைத்துவிட்டது. அதை வைத்து உங்கள் இணைய நிறுவனத்தையும், தோராயமாக எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்பதையும் ஊகிக்கலாம். லிங்க் இப்படி இருந்தால் இன்னும் மோசம்:

```
https://example.com/?id=7391
```

7391 என்ற எண் உங்களுக்கு மட்டும் அனுப்பியதாக இருந்தால், ஐபி முகவரி யாருடையது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். அட்டையின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் அட்டை மறையும், அவ்வளவுதான். போன் போய் வந்தது போய் வந்ததுதான்.

சரி, இதை நிறுத்துவோம்.

1. வாட்ஸ்அப்பில் Settings திறந்து, Privacy என்பதற்குள் போங்கள்.
2. கடைசி வரை கீழே தள்ளினால் Advanced இருக்கும். பலர் தவறவிடும் இடம் இதுதான்.
3. அதற்குள் Disable link previews என்பதை ஆன் செய்யுங்கள். பெயரிலேயே 'நிறுத்து' இருப்பதால், ஆன் செய்தால்தான் பிரிவியூ நிற்கும்.

இந்த வரியே இல்லையென்றால் செயலியைப் புதுப்பித்துவிட்டுப் பாருங்கள்.

அப்புறம், வேலை செய்கிறதா என்று சோதித்துவிடுங்கள். உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளும் சாட்டில், தெரிந்த ஒரு தளத்தின் லிங்கை ஒட்டி, அனுப்பாமல் பத்து விநாடி காத்திருங்கள். அட்டை வரவில்லை என்றால் நின்றுவிட்டது. இதற்கு முன்பு ஒட்டிப் பார்க்காத லிங்காக இருக்கட்டும்.

இதற்குப் பிறகும் மற்றவர்கள் அனுப்பும் லிங்குகள் உங்களுக்கு அட்டையோடு வரும். பயப்பட வேண்டாம். வாட்ஸ்அப்பில் அந்த அட்டையை உருவாக்குவது அனுப்புகிறவரின் போன். செய்தியோடு சேர்ந்தே அது வருகிறது, உங்கள் போன் எங்கும் போவதில்லை. ஆனால் லிங்கைத் தட்டித் திறந்தால் உங்கள் ஐபி முகவரி வழக்கம்போலத் தெரியும். அதை இந்த அமைப்பு தடுக்காது.

சிக்னல் பயன்படுத்துகிறவர்கள் Settings, Chats என்று போய் Generate link previews என்பதை ஆஃப் செய்ய வேண்டும். இங்கே திசை தலைகீழ், கவனம்.

ஒரு விஷயம் பாக்கி. நீங்கள் சந்தேகத்தோடு அனுப்பும் லிங்கை அந்த நண்பர் தட்டிவிடலாம். அல்லது பிரிவியூ ஆனில் இருக்கும் தன் போனிலிருந்து வேறொருவருக்கு ஒட்டலாம். அதனால் இப்படிப்பட்டவற்றை நான் லிங்காக அனுப்புவதே இல்லை. வந்த செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பிக் கேட்கிறேன்.