கூச்ச சுபாவமுள்ள பிள்ளையின் முதல் விண்ணப்ப ஈமெயில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் எலக்ட்ரிக்கல் கடைக்கு ஆள் தேவை என்று விளம்பரம் போட்டால், வருகிற ஈமெயில்களை முதலில் திறந்து பார்ப்பவன் நான்தான். நல்ல கைவேலை தெரிந்த பையன்களின் விண்ணப்பமே பல சமயம் பின்னால் போய்விடுகிறது. அவர்களுக்கு வேலை தெரியும், ஆனால் அதைச் சொல்வதற்குக் கூச்சம். அந்தக் கூச்சம் கடிதத்தில் மன்னிப்பாகவும் கெஞ்சலாகவும் வந்து நிற்கும். போன மாதம் என் மகனே முதல் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோது இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவன் எழுதியதை வைத்தே சொன்னால் எளிதாகப் புரியும்.

எங்களுக்குத் தோவாளை. மகன் கோணம் அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம் முடித்திருக்கிறான். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்புக்கு டெக்னீஷியன் டிரெய்னி தேவை என்று ஒரு விளம்பரம் தமிழில் வந்திருந்தது. கேட்டது மூன்றே விஷயம்: ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் தேர்ச்சி, உயரத்தில் ஏறி வேலை செய்யத் தயாராக இருப்பது, டூவீலர் லைசென்ஸ். மூன்றுமே அவனிடம் இருக்கிறது. அவன் எழுதிக் காட்டியது இது:

> மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும். எனக்கு முன் அனுபவம் எதுவும் இல்லை. எங்கள் குடும்பம் சாதாரணக் குடும்பம். எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன். தயவுசெய்து ஒரு வாய்ப்புக் கொடுக்கவும்.

சப்ஜெக்ட் காலி. கீழே என் செல் நம்பர்.

மன்னிப்பில் தொடங்குவது

ஈமெயில் பெட்டியைத் திறந்ததும் முழுக் கடிதம் தெரியாது. அனுப்பியவர் பெயர், சப்ஜெக்ட், முதல் வரியின் சில சொற்கள், அவ்வளவுதான். போனில் பார்த்தால் அதிலும் குறைவு. மகன் எழுதியதில் சப்ஜெக்ட் இல்லை. முதல் வரியில் தெரிவது ‘தங்கள் பொன்னான நேரத்தை’. எந்த வேலைக்கு, யார், என்ன படிப்பு என்று எதுவுமே தெரியாது. பல வேலைகளுக்கு ஒன்றாக ஆள் எடுக்கிற கம்பெனியில் இப்படி ஒன்று வந்தால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளி வைத்துவிடுவார்கள், அந்த அப்புறம் வராமலே போகும்.

‘மன்னிக்கவும்’ என்று எழுதுவது மரியாதை என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆள் தேவை என்று கேட்டவரிடம் விண்ணப்பம் அனுப்புவதற்கு எதற்கு மன்னிப்பு? ‘வணக்கம்’ போதும். அதற்கு அடுத்த வரியிலேயே எந்த விளம்பரத்தைப் பார்த்து எந்த வேலைக்கு எழுதுகிறோம் என்பது வந்துவிட வேண்டும். சப்ஜெக்டில் வேலையின் பெயரும் படிப்பும் ஊரும் இருந்தால் நிறைவு.

‘எந்த வேலையும் செய்வேன்’

இந்த வரியைத்தான் நான் அதிகமாகப் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். எழுதுகிறவன் தன் உழைப்பைச் சொல்கிறான். படிக்கிறவருக்கோ இவனுக்கு இந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது, எல்லா இடத்துக்கும் இதே கடிதம்தான் போயிருக்கும் என்று தோன்றுகிறது. வீட்டுக் கஷ்டமும் அப்படித்தான். கஷ்டம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காற்றாலையில் ஏறி வேலை செய்ய ஆள் தேடுகிறவர் அந்த வரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அனுபவம் இல்லை என்று தானே முடிவு செய்வது

மூன்றிலும் பெரிய தவறு இதுதான். கம்பெனியில் சம்பளம் வாங்கினால்தான் அனுபவம் என்று அவன் நினைத்திருந்தான். நான் கடிதத்தைத் திருத்தவில்லை. மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு, பேனாவும் பேப்பரும் எடுத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன்.

“மக்களே, லீவு நாளெல்லாம் லைட் செட் போட எங்க போவ?”

“சவுண்ட் சர்வீஸ் அண்ணன் கூட. கொடைக்கு, சர்ச் திருவிழாவுக்கு.”

“அங்க நீ என்ன செய்வ?”

“சும்மா, கூடமாட நிப்பேன்.”

“சும்மா நின்னா சீரியல் செட் கோபுரத்துல தானா ஏறிருமா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. சாரத்தில் ஏறி லைட் கட்டுவது அவன்தான். கடைசியாக ஏறியது அறுபது அடி இருக்கும். ஜெனரேட்டரிலிருந்து வரும் மூன்று ஃபேஸிலும் லோடு சமமாக இருக்கிறதா என்று கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்ப்பதும் அவன்தான். ஐ.டி.ஐ.யில் என்ன செய்தாய் என்றால், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் கனெக்‌ஷன் கொடுத்தது, மோட்டார் வைண்டிங்கை மெகர் வைத்து இன்சுலேஷன் பார்த்தது என்று சொன்னான். அவன் சொல்லச் சொல்ல அவன் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டேன்.

கூச்சப்படுகிற பிள்ளையிடம் ‘உன்னைப் பற்றிச் சொல்லு’ என்றால் வாய் திறக்காது. ‘அன்னைக்கு என்ன செய்த, எதை வச்சு செய்த, எவ்வளவு உயரம்’ என்று செய்த வேலையைக் கேட்டால் பதில் வரும். விளம்பரத்தில் கேட்டதை ஒவ்வொன்றாக எடுத்து அதற்கு ஒரு கேள்வி கேட்டால் போதும்.

பெற்றோர் செய்யும் தவறுகள்

கூட இருந்த என் மைத்துனர், “ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ்னு போடு, சேஃப்டி பெல்ட்டு போட்டு ஏறுவேன்னு போடு” என்றார். பாசத்தில் சொன்னதுதான். மகனிடம் கேட்டேன். லைட் கட்டும்போது பெல்ட் போட்டதில்லை என்றான். அப்படியானால் அதை எழுதக் கூடாது. உயர வேலைக்கு ஆள் எடுப்பவர் எந்த மாதிரி பெல்ட், கொக்கியை எதில் மாட்டினாய் என்று இரண்டாவது கேள்வியே கேட்பார். அங்கே திணறினால் உண்மையாக எழுதிய மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் விழும். உயரத்தில் ஏறியிருக்கிறேன், முறையான பாதுகாப்புப் பயிற்சி இனிதான் வேண்டும் என்று உள்ளதை எழுதுவதே சரி. டிரெய்னி வேலைக்கு அது குறையும் இல்லை.

அப்பாவோ அம்மாவோ முழுக் கடிதத்தையும் எழுதிக் கொடுப்பது இன்னொரு தவறு. பெரிய பெரிய வார்த்தைகளில் கடிதம் நன்றாக இருக்கும். போனில் கேட்டால் பிள்ளைக்கு அந்த வார்த்தையே தெரியாது. நேரில் பார்க்கிறவருக்கு இது உடனே புரிந்துவிடும்.

அப்புறம் அந்த செல் நம்பர். தெரியாத நம்பரில் பேசப் பயந்துதான் மகன் என் நம்பரைப் போட்டிருந்தான். கடைக்கு வரும் விண்ணப்பங்களிலும் இதைப் பார்க்கிறேன். கூப்பிட்டால் அப்பா எடுத்து, ‘பையன் வெளியே போயிருக்கான், என்ன விஷயம் சொல்லுங்க’ என்பார். உயர வேலைக்கு ஆள் தேடுகிறவர் அவனிடம் நேரடியாகப் பேச வேண்டும். பிள்ளையின் நம்பர்தான் இருக்க வேண்டும். ஈமெயிலும் அவனுடைய கணக்கிலிருந்தே போக வேண்டும். அப்பாவின் கணக்கிலிருந்து அனுப்பினால் அனுப்பியவர் இடத்தில் அப்பா பெயர்தான் தெரியும். நடிகர் பட்டப்பெயரை வைத்துத் தொடங்கிய பழைய முகவரி இருந்தால், தன் பெயரில் புதிதாக ஒன்று தொடங்கிக்கொள்வது நல்லது.

இரவு அவனே உட்கார்ந்து எழுதிய கடிதம் இது. நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன்.

> சப்ஜெக்ட்: டெக்னீஷியன் டிரெய்னி விண்ணப்பம் – ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன், தோவாளை
>
> வணக்கம்.
>
> காற்றாலைப் பராமரிப்புக்கு டெக்னீஷியன் டிரெய்னி தேவை என்ற உங்கள் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிக்கிறேன். கோணம் அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துத் தேர்ச்சி பெற்றிருக்கிறேன். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் கனெக்‌ஷனும், மெகர் வைத்து இன்சுலேஷன் சோதிப்பதும் செய்து பழகியிருக்கிறேன்.
>
> விடுமுறை நாட்களில் சவுண்ட் சர்வீஸ் ஒன்றில் உதவியாளராக வேலை செய்கிறேன். கோயில் கொடை, சர்ச் திருவிழாக்களுக்குச் சாரத்தில் சுமார் 60 அடி வரை ஏறி லைட் கட்டியிருக்கிறேன். காற்றாலையில் ஏறியதில்லை. உயரத்தில் வேலை செய்வதற்கான பாதுகாப்புப் பயிற்சி பெற விரும்புகிறேன்.
>
> டூவீலர் லைசென்ஸ் இருக்கிறது. பயோடேட்டாவும் சான்றிதழ்களும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக இணைத்திருக்கிறேன். நேர்முகத்துக்கு எந்த நாளிலும் வர முடியும்.

கீழே அவன் பெயரும் அவன் செல் நம்பரும்.

அனுப்புகிற இடத்தில்

சான்றிதழ்களை வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவாகவே வைத்திருந்தான். அதன் பெயர் IMG-20250614-WA0007.jpg என்கிற மாதிரி இருக்கும். இறக்கி வைக்கிறவருக்கு யாருடையது என்றே தெரியாது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் மார்க்கும் பதிவு எண்ணும் கலங்கியும் போகலாம். அசலை மேஜை மேல் வைத்து, கூகுள் டிரைவ் செயலியில் உள்ள ஸ்கேன் வசதியில் எடுத்தால் நேராக பி.டி.எஃப். ஆகிவிடும். கோப்புக்குத் தன் பெயரையும் வேலையின் பெயரையும் வைத்தான். ஜிமெயிலில் இணைப்பு 25 எம்.பி.யைத் தாண்டினால் கோப்புக்குப் பதிலாக டிரைவ் லிங்க்தான் போகும், அதைத் திறக்க எதிர்ப்பக்கம் அனுமதி கேட்டு நிற்க நேரலாம். ஆதார் கேட்டிருந்தால் மட்டும் வையுங்கள், கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

கோப்பை முதலில் இணைத்து, கடிதத்தை வாய்விட்டு ஒரு தடவை வாசித்து, To இடத்தில் முகவரியைக் கடைசியாகப் போட்டால் பாதியில் தவறிப் போய்விடாது. அனுப்பியதை ரத்து செய்ய ஜிமெயில் வழக்கமாக 5 விநாடிதான் தரும்; செட்டிங்ஸில் அதை 30 விநாடி வரை கூட்டிக்கொள்ளலாம். மகனுக்கு அதை முதலிலேயே மாற்றி வைத்தேன். அவன் எப்படியும் அனுப்பிய அடுத்த நொடி பதறுவான் என்று தெரியும்.

அனுப்பிய பிறகு ஸ்பாம் பெட்டியையும் தினமும் பார்க்கச் சொன்னேன். கடிதத்தை பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். போன் வந்தால் “வணக்கம், நான்தான் பேசுறேன்” என்று பெயரைச் சொல்லித் தொடங்க வேண்டும், தவறிய அழைப்பு இருந்தால் அன்றைக்கே திருப்பிக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் பேசி வைத்தோம். ஒரு வாரத்தில் பதில் இல்லை என்றால் புதுக் கடிதம் வேண்டாம். அனுப்பிய அதே கடிதத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதினால் பழைய விவரமும் கூடவே போகும்.

அழைப்பு வந்தபோது நான் கடையில் இருந்தேன். அறுபது அடி எங்கே ஏறினாய், எதைப் பிடித்து ஏறினாய் என்றுதான் முதலில் கேட்டார்களாம். சொல்லியிருக்கிறான். அடுத்த புதன்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.