பூஜ்யம் எண்ணியும் வராத சூரியன்: எந்திரம் எழுதிய பயண முன்னுரையைத் திருத்தும்போது செய்யும் தவறுகள்

மலையுச்சியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு வந்து கட்டுரை எழுத உட்கார்ந்தேன். சோம்பல்தான், வேறு காரணமில்லை; முன்னுரையை மட்டும் செயற்கை நுண்ணறிவு எந்திரத்திடம் கேட்டேன். வந்தது இது:

"இயற்கையின் மடியில் அமைந்துள்ள இந்த மலை வெறும் ஒரு சுற்றுலாத் தலம் மட்டுமல்ல; அது ஒரு மறக்க முடியாத அனுபவம். அதிகாலையில் பறவைகளின் இன்னிசை, மூலிகைக் காற்று மற்றும் பொன்னிறக் கதிர்கள் உங்களை அன்புடன் வரவேற்கின்றன. இங்குள்ள சூரிய உதயக் காட்சி ஒவ்வொரு பயணிக்கும் மன அமைதியையும் புத்துணர்ச்சியையும் வழங்குகிறது. வாருங்கள், இந்த அழகிய பயணத்தில் இணைவோம்!"

முதல் வரியில் மலையின் பெயர் இருந்தது. உங்களுக்குக் காட்டுவதற்காக நான்தான் எடுத்தேன். எடுத்தபின் எதுவும் குறையவில்லை, கவனித்தீர்களா? உலகத்தில் எந்த மலையின் பெயரை அங்கே போட்டாலும் பொருந்தும். கொஞ்சம் ஒட்டிப் பார்த்தால் ஏரிக்கும் பொருந்தும்.

இதைத் திருத்த உட்காருகிறவர்கள் வழக்கமாகச் சொற்களில் கை வைப்பார்கள். "அழகிய" வேண்டாம், "எழில்மிகு" போடலாம் என்று. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அது வீண்வேலை, ஏனென்றால் கோளாறு வாக்கியத்தின் எழுவாயில் இருக்கிறது. கதிர்கள் வரவேற்கின்றன, காட்சி வழங்குகிறது, மலை அனுபவமாகவே ஆகிவிடுகிறது. மனிதர் ஒருவர்கூட அங்கே எதுவும் செய்யவில்லை. இந்த "வழங்குகிறது" தமிழில் நாம் பேசுவதே இல்லை. மலைக்குப் போய்வந்த யாராவது "அந்த மலை எனக்கு அமைதியை வழங்கியது" என்று வீட்டில் சொல்லிப் பார்க்கட்டும், உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். காரணமில்லாத "ஒரு", பட்டியலின் கடைசியில் தவறாமல் வந்து நிற்கும் "மற்றும்", "வெறும் இது மட்டுமல்ல" என்ற தொடக்கம் எல்லாம் இதே குடும்பம். ஒவ்வொன்றாகப் பிடுங்கலாம். பிடுங்கினாலும் உள்ளே யாரும் நிற்கவில்லை என்ற குறை அப்படியே இருக்கும்.

என் பெரிய தவறு இதற்கும் முன்னாலேயே நடந்துவிட்டது. என் நினைவிலிருந்து ஒரு வரிகூட எழுதி வைக்காமல் வரைவைப் படித்துவிட்டேன்.

அதனால் என்ன கெட்டுப்போகும் என்று தோன்றும். சொல்கிறேன். படித்த பிறகு "எனக்கு என்ன கேட்டது?" என்று யோசித்தேன். பறவைகள் கேட்டன. சத்தியமாகக் கேட்டன, இரண்டு விதக் குரல்கள். அப்புறம் உச்சியில் எடுத்த 40 விநாடி வீடியோவைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டேன். பறவையே இல்லை. கீழே நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருந்த ஒரு ஜீப், யாரோ பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறக்கும் சத்தம், ஒரு கணவர் மனைவியிடம் "ரெண்டே நிமிஷம்" என்று சொல்வது, அவ்வளவுதான். வரைவில் இருந்த பறவைகள் என் நினைவில் வந்து கூடு கட்டிவிட்டன. எந்திரம் இல்லாததை எழுதியதுகூடப் பரவாயில்லை, அதை நானே பார்த்தது போல நம்ப ஆரம்பித்ததுதான் வம்பு.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். வரைவைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் பத்து வரி. வாக்கியமாக இருக்க வேண்டியதில்லை. பிறகு கைப்பேசியில் உள்ள படங்களை வரிசையாகப் பார்த்து, ஒவ்வொன்றும் எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். படத்தின் விவரங்களில் நிமிடம் வரை இருக்கும். வீடியோ இருந்தால் படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்க வேண்டும். இது முடிந்த பிறகு வரைவைப் படித்தால் எது பொய் என்று தானாகத் தெரியும். என் வரைவில் பறவை பொய். மூலிகைக் காற்றும் பொய். "பொன்னிறக் கதிர்கள்" எப்படிப் பொய் என்பதைப் பின்னால் சொல்கிறேன், அதில்தான் கதையே இருக்கிறது.

அடுத்த தவறு, ஐம்புலனையும் படிவம் நிரப்புவது போல நிரப்புவது. "புலன் அனுபவம் சேர்" என்று எங்கோ படித்துவிட்டு நான் எழுதிய இரண்டாம் வரைவு இப்படி ஆரம்பித்தது: "குளிர்ந்த கம்பி விரலைச் சில்லிட வைக்க, மண்வாசனை மூக்கைத் துளைக்க, பறவையொலி காதில் தேன் வார்க்க…" வைக்க, துளைக்க, வார்க்க. கல்யாண வாழ்த்துமடல் படிப்பது போல இருந்தது. மழையே பெய்யாத நாளில் மண்வாசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அன்று நிஜமாகவே என் மூக்குக்குக் கிடைத்தது அந்துருண்டை நெடி. வருஷம் முழுக்க பீரோவில் கிடந்த ஸ்வெட்டரை அப்படியே எடுத்து மாட்டிக்கொண்டு போயிருந்தேன். உச்சியில் எவ்வளவு ஆழமாக மூச்சை இழுத்தாலும் எனக்கு பீரோதான் வந்தது. இதை எழுதவே முதலில் தயங்கினேன். பயணக் கட்டுரைக்கு ஏற்ற மணம் இல்லையே என்று. ஆனால் பொருந்தாமல் துருத்திக்கொண்டிருக்கும் இப்படிப்பட்ட விஷயம்தான் ஒருவர் அங்கே போனதற்குச் சாட்சி. முன்னுரைக்கு இரண்டு புலன் தாராளம். நெடியை வைத்துக்கொண்டேன், பனியில் நனைந்த தடுப்புக் கம்பியை வைத்துக்கொண்டேன். மற்றதை விட்டுவிட்டேன்.

இப்போது பயணத்தில் நாமே செய்த பிழைக்கு வருவோம். அப்படிச் சிறு பிழை ஒன்றைச் சொன்னால் எழுத்தில் மனிதவாடை வரும் என்பார்கள், அது சரி. ஆனால் இதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. சிலர் வேண்டுமென்றே எழுத்துப்பிழையைத் தூவுகிறார்கள். படிக்கிறவருக்கு அது கவனக்குறைவாக மட்டுமே தெரியும். சிலர் "அழகில் மயங்கி நேரம் போனதே தெரியவில்லை, அதுதான் நான் செய்த தவறு" என்கிறார்கள். அது தவறே இல்லை, புகழ்ச்சிக்கு மாறுவேஷம். எந்திரத்திடமே பிழையையும் கேட்டு வாங்கினால் குடையை மறந்தேன், சார்ஜரை மறந்தேன் என்று யாருக்கும் நஷ்டமில்லாத ஒன்றை எடுத்துக் கொடுக்கும். காலை உடைத்துக்கொண்ட கதை மாதிரி பெரிதாக இருந்தாலும் முன்னுரை தாங்காது; அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். நமக்கு வேண்டியது அரை மணி நேரம் வீணாகிற அளவுக்கான பிழை. அதைப் படிப்பவர் தன் அரை மணி நேரத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடிய வேண்டும்.

என் பிழை இதுதான். கைப்பேசியில் சூரிய உதயம் 6:12 என்று போட்டிருந்தது. அந்த நேரம் தொடுவானம் மறைப்பில்லாமல் தட்டையாக இருக்கிறது என்ற கணக்கில் சொல்லப்படுவது. நான் நின்ற இடத்துக்கு நேர் கிழக்கே இன்னொரு மலைமுகடு இருந்தது. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, அதாவது நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. கையை முழுதாக நீட்டி முஷ்டியை மூடினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. எதிரே இருந்த முகடு என் முஷ்டியைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு. ஒன்பது டிகிரி என்று வைத்தால் 36 நிமிடம் தாமதம். சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும் வெப்பமண்டலப் பகுதிக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும். வடக்கேயோ தெற்கேயோ தள்ளிப் போகப்போக அது சாய்வாக ஏறுவதால் இன்னும் தாமதமாகும்.

பொன்னிறம் பொய்யானதும் இதனால்தான். அந்த நிறம் சூரியன் தொடுவானத்தை ஒட்டி இருக்கும்போது கிடைப்பது. முகட்டைத் தாண்டி வரும்போது அது ஒன்பது டிகிரி ஏறிவிட்டது. வந்த கணமே வெள்ளையாக, நேரே பார்க்க முடியாமல் இருந்தது.

கடைசியில் எழுதியது:

"6:12-க்குச் சூரியன் வரும் என்று பக்கத்தில் நின்ற குடும்பத்திடம் சொன்னது நான்தான். கைப்பேசியில் அப்படித்தான் போட்டிருந்தது. அவர்கள் வீட்டுச் சிறுவன் பத்திலிருந்து கீழே எண்ண ஆரம்பித்தான், சுற்றி நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பூஜ்யம் வந்தது. சூரியன் வரவில்லை. எதிரே ஒரு மலைமுகடு வாட்டசாட்டமாக நின்றது. 'சூரியனுக்கு லீவா அங்கிள்?' என்றான். நான் தடுப்புக் கம்பியைப் பார்த்தேன். பனியில் நனைந்து, என் சட்டைக்கையையும் நனைத்திருந்தது. ஸ்வெட்டரிலிருந்து வந்த அந்துருண்டை நெடியைத் தவிர அந்த இடத்தில் எனக்கு ஆறுதலாக எதுவும் இல்லை. 6:48-க்கு ஒருவழியாகச் சூரியன் வந்தது. அந்தக் குடும்பம் அப்போது பாதி மலை இறங்கியிருந்தது. நீங்கள் போனால் முதலில் கையை நீட்டி முகட்டை அளந்துவிட்டு, அப்புறம் வாயைத் திறங்கள்."

நகைச்சுவையில் ஒரு திருத்தம்தான் செய்தேன். சிறுவனின் கேள்விக்குப் பிறகு "இதைக் கேட்டு அனைவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்" என்று எழுதி, ஒரு ஆச்சரியக்குறியும் போட்டிருந்தேன். முதல் சங்கதி, யாரும் சிரிக்கவில்லை, எல்லோருக்கும் குளிர். அதோடு, நாங்கள் சிரித்தோம் என்று எழுதிவிட்டால் படிப்பவர் சிரிக்க இடமே இல்லை. அதை எடுத்துவிட்டு "நான் தடுப்புக் கம்பியைப் பார்த்தேன்" என்று போட்டேன். அவமானப்பட்ட ஆள் அப்படித்தான் எதையாவது பார்ப்பான். அந்தச் சாக்கில் பனியும் உள்ளே வந்துவிட்டது. ஜிப் சத்தத்தையும் "ரெண்டே நிமிஷம்" கணவரையும் சேர்க்க ஆசையாக இருந்தது. ஆனால் அவரைச் சேர்த்தால் கேலி அவர் பக்கம் திரும்பும். முன்னுரையில் அடி வாங்குகிற ஆள் எழுதுகிறவராகவே இருப்பது நல்லது, வழக்கு வராது.

எந்திர வரைவிலிருந்து மிஞ்சிய சொல் ஒன்றே ஒன்று, "அதிகாலையில்". கடைசிக்கு முந்தைய பிரதிவரை அது இருந்தது. 6:48-ஐப் போய் அதிகாலை என்று எழுத மனம் வராமல் அதையும் அடித்துவிட்டேன்.