பல் பிடுங்க ஸ்டென்ட் மாத்திரையை நிறுத்தலாமா?

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 56. மாரடைப்பு வந்து திருவனந்தபுரத்தில் மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம் ஆகிறது. ஆஸ்பிரின் 75 தினமும் ஒன்று, டிக்காகிரிலர் 90 காலையும் இரவும். இப்போது கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார்: "அண்ணே, ரத்தம் நிக்காது, ஒரு வாரம் ரெண்டு மாத்திரையையும் நிறுத்திட்டுப் போங்க." அவரும் நிறுத்துகிறார். ஆறாம் நாள் விடியற்காலை மரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், உடம்பெல்லாம் வியர்வை.

ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்துவிட்டது. ஏன்? ஸ்டென்ட் என்பது அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் உலோக வலை. அதன் மேல் ரத்தக்குழாயின் உள்தோல் படரும் வரை, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களுக்கு அது வேற்றுப் பொருள்தான், ஒட்டிக்கொண்டு உறைகட்டியாகும். அப்படி ஒட்டாமல் தடுப்பதுதான் அந்த இரண்டு மாத்திரைகளின் வேலை. வெறும் உலோக ஸ்டென்டில் தோல் ஓரளவு சீக்கிரம் மூடிவிடும். ஆனால் மூடுவதோடு நிற்காமல் தழும்புத் திசு வளர்ந்துகொண்டே போகும். அப்படி நூற்றில் 20 முதல் 30 பேருக்கு குழாய் மறுபடி சுருங்கியது. இதைத் தடுக்கவே எவரோலிமஸ் போன்ற மருந்தைப் பூசினார்கள். சுருக்கம் நன்றாகக் குறைந்தது. ஆனால் திசு வளர்ச்சியை அடக்கும் அதே மருந்து, தோல் மூடுவதையும் தாமதப்படுத்துகிறது. "மருந்துதான் பூசியாச்சே, மாத்திரை எதுக்கு" என்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பூசிய மருந்து ரத்தம் உறைவதைத் தடுக்காது.

மறுசுருக்கம் மெதுவாக வரும்: சில மாதங்கள் கழித்து மேடு ஏறினால் நெஞ்சு இறுகும், நின்றால் விடும். உறைகட்டி அப்படியல்ல, நிமிடங்களில் முழு மாரடைப்பு. அதை 'கேஸ்' என்று நினைத்து சோடா குடித்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

மாத்திரை நிறுத்துவது மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. ஸ்டென்ட் முழுதாக விரியாமல் போவது, குழாய்ச் சுவரோடு ஒட்டாமல் நிற்பது, சர்க்கரை நோய், புகை எல்லாமே பங்கு வகிக்கும். ஆனால் நம் கையில் இருப்பது மாத்திரைதான்.

சரி, அவர் என்ன செய்திருக்கலாம்? இரண்டு மாத்திரையையும் விடாமலே ஒரு பல்லைப் பிடுங்கலாம். பிடுங்கிய குழியில் பஞ்சுத் துணியை அரை மணி நேரம் கடித்து அழுத்துவது, ஒரு தையல், தேவைப்பட்டால் ரத்தக்கசிவை நிறுத்தும் டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த துணி. பெரும்பாலும் இதிலேயே ரத்தம் நின்றுவிடும். டிஸ்சார்ஜ் தாளைப் பல் டாக்டரிடம் காட்டினால் போதும், சந்தேகம் இருந்தால் அவரே இதய டாக்டரிடம் பேசிக்கொள்வார். தள்ளிப்போட முடியாத பெரிய ஆபரேஷன் என்றால் கதை வேறு. அப்போதும் பொதுவாக ஆஸ்பிரினைத் தொடரச் சொல்லிவிட்டு மற்றதை மட்டும், அதுவும் சில நாட்களுக்கு, இதய டாக்டர்தான் நிறுத்தச் சொல்வார்.

மாரடைப்புக்காக வைத்தவர்களுக்கு வழக்கமாக ஓராண்டு இரண்டு மாத்திரையும் உண்டு. ரத்தக்கசிவு ஆபத்து உள்ளவர்களுக்கு டாக்டர் குறைப்பார். அதன்பின் ஒன்று மட்டும் தொடரும். டிக்காகிரிலருக்குப் பதில் குளோபிடோகிரெல் சாப்பிடுபவர்கள் வயிற்றெரிச்சலுக்குக் கடையில் தாங்களாகவே ஒமிப்ரசோல் வாங்கிப் போட வேண்டாம், அது குளோபிடோகிரெலின் வேலையைக் குறைக்கும். பான்டோபிரசோல் எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள்.