நிழல் கோணலாக விழுந்தால் படம் பொய்யாகிவிடாது: படங்களைச் சரிபார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படங்களைச் சரிபார்க்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குக் கண் கூர்மையாகத்தான் இருக்கிறது. கண்ட குறியை எப்படிப் பொருள்கொள்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். படத்தில் ஒரு பொருள் சேர்க்கப்பட்டதா, நீக்கப்பட்டதா என்று பார்க்கும்போது நானும் மற்றவர்களும் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், இணையத்தில் பழைய படமா என்று தேடுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

நிழல்கள் ஒரே திசையில் விழ வேண்டும் என்று எதிர்பார்ப்பது

இந்தத் தவறு இன்றும் எனக்குக் கோபமூட்டுகிறது. ஏரிக்கரையில் ஒரு லாரி கட்டட இடிபாடுகளைக் கொட்டும் படத்தை ஊர்க்காரர் ஒருவர் அனுப்பியிருந்தார். இடப்பக்கம் ஒரு மின்கம்பம், நடுவில் லாரி, வலப்பக்கம் ஓர் எல்லைக்கல். கம்பத்தின் நிழல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. கல்லின் நிழல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. “சூரியன் ஒன்றுதானே? இரண்டு திசையில் எப்படி நிழல் விழும்? லாரியையோ கல்லையோ ஒட்டியிருக்கிறார்கள்” என்று எழுதி, புதிதாக வந்த இளைஞர் படத்தை நிராகரித்துவிட்டார். மறுநாள் அதை வேறொருவர் எடுத்துப் பார்ப்பதற்குள் இடிபாடுகளின் மேல் மண்ணைப் பரப்பிவிட்டார்கள். பொய்ப் படத்தை நம்புவதால் வரும் கேட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உண்மைப் படத்தைப் பொய் என்று முத்திரை குத்தினால், அதை அனுப்பியவர் அடுத்த முறை எதையும் அனுப்பமாட்டார்.

அந்தப் படத்தில் நடந்தது இதுதான். வெயிலில் நிழல்கள் தரையில் இணையாகத்தான் விழுகின்றன. ஆனால் தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுசேர்வதுபோல் தெரிவதைப் போலவே, இணையான நிழல்களும் படத்தில் ஒரு புள்ளியை நோக்கிக் குவிகின்றன. சூரியன் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால், இடப்பக்கப் பொருளின் நிழல் வலப்பக்கமும், வலப்பக்கப் பொருளின் நிழல் இடப்பக்கமும் உள்நோக்கிச் சாயும். அப்படிச் சாயாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

நிழலின் திசையைக் கண்ணால் மதிப்பிடுவதை விட்டுவிட்டுக் கோடு போடுங்கள். நிழலில் ஒரு புள்ளியையும், அந்த நிழலை உண்டாக்கிய பொருளின் புள்ளியையும் நேர்கோட்டால் இணைத்து இரு பக்கமும் நீட்டுங்கள். கம்பத்தின் உச்சியும் அதன் நிழல் நுனியும் ஒரு கோடு. லாரியின் கேபின் மேல்மூலையும் தரையில் அதன் நிழலும் இன்னொரு கோடு. எல்லைக்கல்லின் மேல்முனையும் அதன் நிழல் முனையும் மூன்றாவது. ஒளி ஒன்றே என்றால் எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். சூரியன் எடுப்பவருக்கு எதிரே இருந்தால் அந்தப் புள்ளி மேலே, சூரியன் இருக்கும் இடத்திலேயே அமையும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் கீழே, படம் எடுத்தவரின் கேமரா நிழல் விழும் இடத்தில் அமையும். பக்கவாட்டில் இருந்தால் கோடுகள் ஏறக்குறைய இணையாகவே போகும்.

ஏரிக்கரைப் படம் மாலையில் எடுக்கப்பட்டது. அதன் அடியோரத்தில், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்த ஒருவரின் நிழல் தெரிந்தது. மூன்று கோடுகளும் அந்தக் கைப்பேசி நிழலிலேயே வந்து சேர்ந்தன. படம் சரியானதுதான் என்பதற்கான சான்று படத்துக்குள்ளேயே இருந்தது. யாரும் கோடு போட்டுப் பார்க்கவில்லை.

ஜான் கென்னடியைச் சுட்டதாகக் குற்றம்சாட்டப்பட்ட ஓஸ்வால்ட், துப்பாக்கியுடன் வீட்டு முற்றத்தில் நிற்கும் 1963-ஆம் ஆண்டுப் படத்தையும் பல்லாண்டுகள் இப்படித்தான் சந்தேகித்தார்கள். முகத்தின் நிழலும் உடலின் நிழலும் பொருந்தவில்லை என்றார்கள். டார்ட்மவுத் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஹானி ஃபரீத் 2009-இல் முப்பரிமாண மாதிரி செய்து, ஒரே ஒளியில் அந்த நிழல்கள் அனைத்தும் விழக்கூடும் என்று காட்டினார்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. மரக்கிளை போன்ற கலங்கலான நிழலில் எந்தப் புள்ளிக்கு எது நிழல் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக, நிழல் எங்கிருந்து எங்குவரை இருக்கலாம் என்று இரு கோடுகள் போட்டு இடைவெளி விடுங்கள். பனோரமாப் படத்தில் நேர்கோடுகளே வளைந்துவிடும் என்பதால் இந்தக் கணக்கு செல்லாது. தெருவிளக்கு, ஃபிளாஷ் என ஒளி பல இருந்தால், ஒவ்வொரு ஒளிக்கும் தனிப் புள்ளி வரும். கோடுகள் எல்லாம் பொருந்திவிட்டால் படம் சுத்தம் என்றும் ஆகாது. நிழலே விழாத ஒன்றை அதிலிருந்து நீக்கியிருக்கலாம்.

ஒரே மாதிரி தெரிவதெல்லாம் நகல் என்பது

செங்கல் சுவர், ஓடு, தென்னந்தோப்பு எல்லாம் இயல்பாகவே திரும்பத் திரும்ப வரும். தேட வேண்டியது தற்செயலான குறிகளை: ஒரு கறை, ஒடிந்த ஓலை, புகையின் ஒரு சுருள். ஒன்று திரும்ப வந்தால் போதாது. அருகருகே மூன்று குறிகளைப் பிடித்து, ஒவ்வொன்றும் தன் இரட்டையிலிருந்து எத்தனை பிக்சல் தள்ளி, எந்தத் திசையில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். மூன்றுக்கும் ஒரே அளவு, ஒரே திசை என்றால் அந்த இடம் படியெடுத்து ஒட்டப்பட்டது.

2006 ஆகஸ்ட்டில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட பெய்ரூட் குண்டுவீச்சுப் படம் மாட்டியது இப்படித்தான். புகை அடர்த்தியாகத் தெரிவதற்காக ஒரே சுருளை அடுத்தடுத்துப் பதித்திருந்தார்கள். புகை அப்படி எழுவதில்லை. அந்தப் புகைப்படக்காரரின் 920 படங்களையும் நிறுவனம் தன் சேமிப்பிலிருந்து நீக்கியது.

இன்றைய நீக்கும் கருவிகள் அப்படியே படியெடுக்காமல், இட்டுக்கட்டி நிரப்புகின்றன. ஆகவே இரட்டை கிடைக்கவில்லை என்பதை வைத்து எதையும் விடுவிக்காதீர்கள்.

மெட்டாடேட்டாவில் போட்டோஷாப் பெயரைக் கண்டதும் தீர்ப்பெழுதுவது

காசாவில் இறந்த இரு குழந்தைகளைத் தூக்கிச் செல்லும் காட்சியைப் புகைப்படக்காரர் பால் ஹான்சன் எடுத்த படம் 2013-இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ பரிசு பெற்றது. கோப்பில் பதிவாகியிருந்த திருத்த வரலாற்றைப் படித்த ஓர் ஆய்வாளர், பல படங்களைச் சேர்த்துச் செய்தது என்றார். ஒரே மூலக் கோப்பை வெவ்வேறு வெளிச்ச அளவில் உருவாக்கி மேல்மேலாக வைத்ததாக ஹான்சன் விளக்கினார். பரிசுக் குழு நியமித்த வல்லுநர்கள் மூலக் கோப்போடு ஒப்பிட்டு, நிறமும் தொனியும் திருத்தப்பட்டிருக்கின்றன, ஆனால் ஒட்டுவேலை இல்லை என்று முடிவு சொன்னார்கள். மென்பொருளின் பெயர், கோப்பு அதில் சேமிக்கப்பட்டது என்பதை மட்டுமே காட்டும்.

அதைவிடப் பயனுள்ளது கோப்புக்குள் பதிந்திருக்கும் சிறுபடம். சில மென்பொருள்கள் பெரிய படத்தைத் திருத்திவிட்டுச் சிறுபடத்தைப் பழையபடியே விட்டுவிடுகின்றன. இதற்கு exiftool என்ற கருவி உதவும். கீழே முதல் கட்டளை மெட்டாடேட்டா விவரங்களைக் காட்டும். இரண்டாவது சிறுபடத்தைத் தனியே எடுக்கும்.

```
exiftool -a -G1 -s photo.jpg
exiftool -b -ThumbnailImage photo.jpg > thumb.jpg
```

நீக்கப்பட்ட ஆள் சிறுபடத்தில் நின்றுகொண்டிருந்தால் வேறு வாதம் தேவையில்லை. சிறுபடம் பொருந்திவந்தால் அதிலிருந்து எதுவும் முடிவாகாது.

மெட்டாடேட்டா இல்லை என்பதால் சந்தேகப்படுவது

வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பியதில் அது இருக்காது.

ஸ்கிரீன்ஷாட்டை ஆராய்வது

ஆராயாதீர்கள். எடுத்தவரிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக வேண்டாம், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.