குடியை நிறுத்திய முதல் மாதம்: அவசர முடிவுகளால் வரும் தவறுகள்

தினமும் இரவு ஒரு குவார்ட்டர் பிராந்தி குடித்துவந்த 45 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள 180 மி.லி. சரக்கில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. பல வருடப் பழக்கத்தை ஞாயிறு இரவோடு நிறுத்துகிறார். செவ்வாய்க்கிழமை பிரஷர் பார்த்தால் 160/100. தூக்கம் இல்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல். "குடிச்சப்பவே நல்லாத்தானே இருந்தேன்" என்று தோன்றுகிறது. பலர் திரும்பக் குடிக்கப் போவது இந்த இடத்தில்தான்.

ஆல்கஹால் மூளையின் வேகத்தைக் குறைக்கிறது. தினமும் குடித்தால், அதை ஈடுகட்ட மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. குடி நின்றதும் அந்தக் கிளர்ச்சி மட்டும் மிஞ்சுகிறது. பிரஷர், தூக்கம், மனநிலை மூன்றும் முதல் வாரத்தில் கெடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். இதைப் பார்த்துக் குடியை விட்டதே தப்பு என்று எண்ணுவது முதல் தவறு.

அதைவிட ஆபத்தான தவறு, காலையிலேயே குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், அல்லது முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், வீட்டிலேயே திடீரென நிறுத்துவது. கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது, காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து. இவர்கள் நிறுத்துவதற்கு முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். அங்கே தயமின் (வைட்டமின் பி1) ஊசியும், நடுக்கத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரையும் அளவாகக் கொடுப்பார்கள்.

இனி அந்த 160/100. செவ்வாய்க்கிழமை அளவை மட்டும் வைத்து மாத்திரையைக் கூட்டினால், நான்காவது வாரத்தில் எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம். ஸ்பெயினில், தினமும் 100 கிராமுக்கு மேல் ஆல்கஹால் குடித்துவந்த 42 ஆண்களை ஒரு மாதம் குடிக்காமல் வைத்து ஆராய்ந்தார்கள். 1999இல் அந்த முடிவு வெளியானது. 24 மணி நேரப் பிரஷரில் மேல் அளவு சராசரியாக 7 புள்ளிகள் குறைந்திருந்தது. ஆகவே காலையும் மாலையும் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து எழுதி வையுங்கள். நான்காவது வாரச் சராசரியோடு டாக்டரிடம் போங்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். 180/120க்கு மேல் போனாலோ, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கைகால் பலவீனம் வந்தாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தூக்கத்தில் நடக்கும் தவறு, மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்குவது. அல்பிரசோலம் போன்றவை ஆல்கஹால் தொடும் அதே இடத்தைத்தான் மூளையில் தொடுகின்றன. ஒரு பழக்கத்தின் இடத்தில் இன்னொன்று உட்கார்ந்துவிடும். குடி, கனவு வரும் தூக்கத்தை அமுக்கி வைத்திருந்தது. விட்டதும் அது பொங்கி வருவதால், குடிப்பது போன்ற கனவுகள் உட்படத் தெளிவான கனவுகள் வருவது இயல்பு. தூக்கம் சீராகச் சிலருக்கு இரண்டு வாரம் போதும். அதிகம் குடித்தவர்களுக்கு மாதங்களும் ஆகலாம். எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுவதும், மதியத்துக்குப் பிறகு டீ, காபியை விடுவதும் உதவும்.

கல்லீரல் கொழுப்பு வேகமாகக் கரையும். குடியால் வந்த கொழுப்பு பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் குறைந்துவிடும். அதைக் கெடுப்பது இனிப்பு. 60 கிராம் ஆல்கஹால் நின்றதால் சுமார் 420 கலோரி குறைகிறது. அதை ஈடுகட்ட உடல் இனிப்பைக் கேட்கும். கூல் டிரிங்க்ஸும் சர்க்கரை தூக்கலான டீயும் மீண்டும் கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கும். பசி எடுத்தால் சுண்டல், முட்டை, மோர் போதும்.

இங்கே இன்னொரு அவசரமும் உண்டு: பத்தாம் நாளே ரத்தப் பரிசோதனை. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஜிஜிடி என்ற நொதி பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும். 200 இருந்தது பத்து நாளில் 150 ஆகியிருந்தால் அது நல்ல போக்குதான். கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேனும் அப்படியே: குடித்த நாட்களின் வீக்கம் வடியும் முன் எடுத்தால் தழும்பு அதிகம் இருப்பதுபோல் காட்டும். ஆனால் உண்மையான தழும்பு ஒரு மாதத்தில் போகாது. கொழுப்பு குறைந்ததை வைத்துக் கல்லீரல் முழுவதும் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

முதல் இரண்டு வாரச் சோர்வையும் பதற்றத்தையும் நிரந்தர மனநோய் என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலோருக்கு நான்கு வாரத்தில் அது நன்றாகவே தணியும். அதற்குப் பிறகும் நீடித்தால்தான் தனி மனச்சோர்வு உண்டா என்று மனநல மருத்துவர் தெளிவாகப் பார்க்க முடியும். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அன்றே மனநல உதவி எண்ணான 14416க்கு அழையுங்கள். வீட்டில் இருப்பவர்கள் அவரைத் தனியாக விடக் கூடாது.