முதல் செட்டை நம்பி எடை ஏற்றாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் இப்போது உடற்பயிற்சிக் கூடங்களுக்குக் குறைவில்லை. தேவகோட்டை, பள்ளத்தூர் வரை தகரக் கூரை போட்ட கொட்டகையாவது ஒன்று இருக்கிறது. மாலையில் அங்கே வரும் தம்பிகளிடம் ஆர்வத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் எங்கள் காலத்தில் எதைச் செய்து மாதக்கணக்கில் ஒரே எடையில் நின்றோமோ, அதையேதான் அவர்களும் செய்கிறார்கள். முதுகை வளைத்துத் தூக்காதே, உடம்பைச் சூடேற்றிக்கொள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். இங்கே நான் எழுதப்போவது எடையை எப்போது ஏற்றுவது என்ற ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும்.

தென் மாவட்டத்து ஊர்களில் கிடக்கும் இளவட்டக்கல்லுக்கு ஒரே எடைதான். தூக்கினால் தூக்கியது, இல்லையென்றால் இல்லை. பாரில் தட்டு மாட்டிச் செய்யும் பயிற்சியில் நமக்கு இரண்டு பிடி கிடைக்கின்றன: எடையைக் கூட்டலாம், அல்லது அதே எடையைத் தூக்கும் தடவைகளைக் கூட்டலாம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதுதான் இரட்டை முன்னேற்றம். முதலில் ஒரு வரம்பை வைத்துக்கொள்கிறீர்கள். மூன்று செட், செட்டுக்கு 6 முதல் 8 தடவை என்று வைத்துக்கொள்வோம். எடையை மாற்றாமல் தடவைகளை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறீர்கள். மூன்று செட்டிலும் 8 வந்த பிறகு, இருப்பதிலேயே சிறிய அளவில் எடையைக் கூட்டுகிறீர்கள். தடவைகள் 6, 7 என்று இறங்கும். மறுபடி 8 வரை ஏறுகிறீர்கள். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், தலைக்கு மேல் தூக்கும் பிரஸ், ரோ என்று பல மூட்டுகள் சேர்ந்து இயங்கும் பயிற்சிகளுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

சொல்வதற்கு இவ்வளவுதான். தவறு நடப்பது "மூன்று செட்டிலும்" என்ற இடத்தில்.

ஒரு செட்டில் 8 வந்தவுடன் எடை ஏற்றுவது

இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. மற்ற தவறுகள் ஒரு வாரத்தைத் தின்னும். இது மாதங்களைத் தின்னும்.

தேவகோட்டையிலிருந்து வரும் ஒரு தம்பி, "அண்ணே, நானும் விடாமல் செய்கிறேன். பெஞ்ச் பிரஸ் மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறது" என்றான். நோட்டைக் கேட்டேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒரே ஓர் எண்தான் எழுதியிருந்தான். 50 கிலோ, 8. அடுத்து 52.5 கிலோ, 8. அடுத்து 55 கிலோ, 5. அதற்குப் பிறகு 55, 5 என்றே பக்கம் முழுவதும் நின்றது.

"மற்ற இரண்டு செட் எங்கே?"

"அது எப்போதும் குறையும்தானே அண்ணே, அதனால் எழுதவில்லை."

கேட்டுக் கேட்டு நினைவிலிருந்து வரவழைத்தோம். 50 கிலோவில் அவன் செய்தது 8, 7, 6. முதல் செட்டில் 8 வந்துவிட்டதே என்று எடையை ஏற்றிவிட்டான். 52.5 கிலோவில் உண்மையாக வந்தது 6, 5, 4. நோட்டில் இருந்த 8 என்பதில் கடைசி இரண்டும் பின்னால் நின்ற நண்பன் பாரைப் பிடித்துத் தூக்கிவிட்டவை. அந்த 8-ஐ நம்பி 55-க்குப் போனான். அங்கே வந்தது 5, 4, 3.

எடையைத் தடவைகளால் பெருக்கிப் பாருங்கள். 50 கிலோவில் மொத்தம் 21 தடவை, அதாவது 1,050 கிலோ. 55 கிலோவில் மொத்தம் 12 தடவை, 660 கிலோ. பாரில் ஐந்து கிலோ கூடியிருக்கிறது. உடம்பு செய்த வேலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. இந்த ஒரு கணக்கே முழுக் கதையும் அல்ல. கனமான எடைக்கென்று தனிப் பயன் உண்டு. ஆனால் 6 முதல் 8 வரை என்று வரம்பு வைத்துக்கொண்டவன் 5, 4, 3 செய்கிறான் என்றால் அவன் தன் திட்டத்தில் இல்லை. வாராவாரம் அவன் தன் உச்ச பலத்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறான். பலம் வளர்வதற்கான வேலை நடக்கவில்லை.

இதன் காரணம் எளியது. முதல் செட் களைப்பில்லாத உடம்பு செய்வது. அதில் வரும் எண் உங்களால் அதிகபட்சம் என்ன முடியும் என்பதைக் காட்டும். அந்த எடை உங்களுக்குப் பழகிவிட்டதா என்பதைக் காட்டுவது மூன்றாவது செட். பொதுவாக எடை இரண்டரை முதல் மூன்று சதவீதம் கூடினால் ஒரு தடவை குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். இது ஆளுக்கு ஆள், பயிற்சிக்குப் பயிற்சி மாறும். 50-லிருந்து 52.5 என்பது ஐந்து சதவீதம், ஏறத்தாழ இரண்டு தடவை. மூன்றாவது செட்டில் 6 மட்டுமே வந்தவனுக்கு இரண்டு குறைந்தால் 4. வரம்புக்கு வெளியே விழுவது முதல் நாளே தெரிந்த முடிவு. அதே ஆள் மூன்றாவது செட்டிலும் 8 வரும் வரை பொறுத்திருந்தால், களைப்போடு 8-லிருந்து இரண்டு குறைந்து 6-இல் நிற்பான். வரம்பின் அடித்தளத்தில் கால் ஊன்றிக்கொள்வான்.

அந்தத் தம்பியை 50 கிலோவுக்கே இறக்கினேன். முகம் வாடிவிட்டது, பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்களே என்ற கூச்சம். ஒரே ஒரு கட்டளைதான் கொடுத்தேன்: முதல் செட்டில் ஒன்பதாவது வரும் என்று தோன்றினாலும் 8-இல் பாரை வைத்துவிட வேண்டும். அந்த மிச்சம்தான் மூன்றாவது செட்டுக்குப் போகிறது. முதல் நாள் 8, 7, 6. பிறகு 8, 7, 7. பிறகு 8, 8, 7. இடையில் ஒரு நாள் தூக்கம் கெட்டு 8, 7, 6 என்று இறங்கியது, அதைப் பெரிதுபடுத்தவில்லை. அதன்பின் 8, 8, 8. மொத்தம் 24 தடவை, 1,200 கிலோ. அப்போதுதான் பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோ தட்டு மாட்டச் சொன்னேன். 52.5 கிலோவில் 7, 6, 6 வந்தது, யாரும் பாரைத் தொடாமல். முன்பு இதே எடையில் 6, 5, 4 செய்தவன் அவன்.

கடைசி செட்டின் எட்டாவது தடவையையும் கவனிக்க வேண்டும். பார் மெதுவாக ஏறலாம், ஆனால் பாதி வழியில் நின்று, இடுப்பை பெஞ்சிலிருந்து தூக்கி, ஒரு கை முந்தி ஒரு கை பிந்தி ஏறினால் அதை 7 என்று எழுதுங்கள். அடுத்த முறை 8 தானாக வரும்.

நண்பன் தொட்ட தடவை கணக்கில் வராது

விரல் பட்டாலும் வராது.

சின்ன எடைக்குப் பெரிய தாவல்

நம் பக்கத்துச் சிறிய கூடங்கள் பலவற்றில் மிகச் சிறிய தட்டே இரண்டரை கிலோதான். இரண்டு பக்கமும் மாட்டினால் குறைந்தபட்சத் தாவல் ஐந்து கிலோ. 100 கிலோ டெட்லிஃப்ட் செய்பவருக்கு அது ஐந்து சதவீதம், உறுத்தாது. 30 கிலோவைத் தலைக்கு மேல் தூக்குபவருக்கு அது ஆறில் ஒரு பங்கு. ஐந்தாறு தடவைகள் ஒரேயடியாகக் காணாமல்போகும். 8 செய்தவர் அடுத்த நாள் 2 அல்லது 3-இல் நின்றுவிட்டு, "எனக்குத் தோளில் பலமே இல்லை" என்பார். தோளில் குறை ஒன்றும் இல்லை. வரம்பு அந்தத் தாவலுக்குப் போதாது.

வழி இரண்டு. ஒன்று, தாவலைச் சிறிதாக்குவது. ஒன்றேகால் கிலோ தட்டு ஒரு ஜோடி வாங்கலாம். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் பாரின் முனைக்குப் பொருந்துகிறமாதிரி அரைக் கிலோ, ஒரு கிலோ இரும்பு வளையங்கள் கடைந்து வாங்கலாம். வாங்கியதும் தராசில் வைத்து எடையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, வரம்பை அகலமாக்குவது. ஐந்து கிலோதான் தாவ முடியும் என்றால் 6 முதல் 12 வரை வையுங்கள். மூன்று செட்டிலும் 12 வந்த பிறகு 35 கிலோவுக்குப் போனால் 6-ஐ ஒட்டி வந்து நிற்பீர்கள். நாள் அதிகம் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு வாரமும் நோட்டில் ஓர் எண்ணாவது நகரும்.

வரம்பின் அகலத்தைத் தீர்மானிப்பது உங்கள் கூடத்தில் இருக்கும் மிகச் சிறிய தட்டுதான். ஸ்குவாட்டுக்கு வைத்த 6–8-ஐ அப்படியே தோள் பயிற்சிக்கும் வைப்பதால்தான் பலர் அங்கே மாதக்கணக்கில் நிற்கிறார்கள்.

ஆழம் குறைவது

ஸ்குவாட்டில் இது தெரியாமல் நடக்கும். 60 கிலோவில் தொடை தரைக்கு இணையாக வரும் வரை இறங்கியவர், 75 கிலோவில் அதற்குக் கால் அடி மேலேயே திரும்பிவிடுவார். எண் ஏறியிருக்கும், செய்தது வேறு பயிற்சி. வாரம் ஒரு முறை கடைசி செட்டைப் பக்கவாட்டிலிருந்து கைபேசியில் பதிவு செய்து, பழைய பதிவோடு ஒப்பிடுங்கள். ஆழம் குறைந்திருந்தால், ஆழம் சரியாக இருந்த எடைக்கே திரும்புங்கள்.

ஓய்வு நேரத்தை மாற்றுவது

ஒரு வாரம் இரண்டு நிமிடம், மறுவாரம் பேச்சுச் சுவாரசியத்தில் ஆறு நிமிடம் என்றால் 8, 8, 8 வந்ததற்கு அர்த்தமில்லை. மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பாருங்கள்.

நின்றுபோனதை ஒரே நாளில் முடிவு செய்வது

சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் ஒரு நாள் இரண்டு தடவை குறைந்தால் அது தேக்கம் அல்ல. முத்துமாரியம்மன் கோயில் மாசி–பங்குனித் திருவிழாவுக்கு விரதம் இருப்பவர்களுக்கும் அந்த நாட்களில் எண்கள் ஏறாது. உணவு குறையும் காலத்தில் எடையை ஏற்ற முயலாமல், வரம்பின் அடியில் நின்று செட்டுகளை முடித்தாலே போதும்.

உணவும் தூக்கமும் ஓய்வு நேரமும் சரியாக இருந்தும், அடுத்தடுத்து மூன்று பயிற்சிகளில் மூன்று செட்டின் மொத்தம் ஒன்றுகூட ஏறவில்லை என்றால்தான் அது தேக்கம். அப்போது எடையைப் பத்து சதவீதம் இறக்குங்கள். 60 கிலோவில் நின்றவர் 54-ஐ ஒட்டி, தட்டுகள் ஒத்துவரும் எடைக்குப் போகலாம். அங்கிருந்து அதே விதியோடு ஏறுங்கள்: மூன்று செட்டிலும் 8, பிறகு எடை. இரண்டாம் முறையும் அதே 60-இல் நின்றால் செட்டுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுங்கள், அல்லது சில வாரங்களுக்கு வரம்பை 8–10 ஆக்குங்கள்.

டெட்லிஃப்டுக்கு மட்டும் மூன்று செட் விதியை நான் வற்புறுத்துவதில்லை. களைப்பு அதில் இடுப்பிலும் பிடியிலும் சேர்ந்துகொள்ளும். மூன்றாவது செட்டில் முதுகு வளையத் தொடங்கும். 4 முதல் 6 வரை இரண்டு செட் வைத்து, இரண்டிலும் 6 வந்த பிறகு ஐந்து கிலோ ஏற்றினால் போதுமானது.